ஹட்டன் வீட்டு உள்ளலங்கார வேலையை நிறுத்தும் அறிவித்தல்

ஹட்டன்
2025 ஜூன் 14

வணக்கம் தம்பி,

தம்பி என்று கூப்பிட்டே பழகிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன். ஆனால் இது முறையான அறிவித்தல். நமது ஒப்பந்தத்தின் 7ஆம் பந்திப்படி, ஜூன் 21 சனிக்கிழமையோடு உங்கள் வேலையை முடித்துக்கொள்கிறேன். அதற்கிடையில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

காரணம் உங்களுக்குத் தெரியும். 2,400,000 ரூபாவுக்குப் பேசிய வேலை, போன வாரம் நீங்கள் தந்த கணக்கில் 3,460,000 ரூபாவாக நிற்கிறது. சாமான் விலை ஏறியது உண்மைதான், அதைக் கொஞ்சம் தாங்கியிருப்பேன். ஆனால் கேட்காமலே டிவி சுவருக்குப் பலகை அடிக்கவும் அலுமாரிக் கதவுகளை மாற்றவும் கொழும்பில் ஓடர் கொடுத்திருக்கிறீர்கள். மேலதிகச் செலவுக்கு என் கையொப்பம் வேண்டும் என்று எழுதித் தந்ததே நீங்கள்தான். அந்த இரண்டுக்கும் நான் பணம் தரமாட்டேன்.

முடிந்த வேலைக்கு ஒரு சதமும் குறைக்கவில்லை. ஹோலுக்கும் இரண்டு அறைகளுக்கும் சீலிங் 610,000, வயரிங் 195,000, பேன்ட்ரியின் கீழ்த்தட்டுப் பெட்டிகள் 310,000, வரைபடக் கட்டணம் 150,000. ஆக 1,265,000 ரூபா. இதுவரை 1,100,000 தந்துவிட்டேன், மிச்சம் 165,000. பேன்ட்ரிக் கதவுகள் இன்னும் பூட்டப்படாததால் அவற்றின் விலையைச் சேர்க்கவில்லை. அளவில் பிழை இருந்தால் வியாழனுக்குள் சொல்லுங்கள், சேர்ந்தே அளந்து பார்ப்போம்.

வரைபடங்களுக்குக் கட்டணம் சேர்த்திருப்பதால் அவை முழுவதும் எனக்கு வேண்டும்: தரைத்தள அமைப்பு, சீலிங், பேன்ட்ரி அளவுகள், எல்லாவற்றுக்கும் மேலாக வயரிங் போன வழி. சீலிங் மூடியாயிற்று. நாளைக்கு வேறொரு பாஸ் வந்து எங்கே துளை போடலாம் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? அச்சுப்பிரதியோடு PDF, DWG இரண்டையும் பென்டிரைவில் தாருங்கள். இந்த வீட்டு வேலைக்குத் தவிர வேறெதற்கும் அவற்றைப் பயன்படுத்த மாட்டேன். என் பெயரில் வாங்கிய சாமான்களின் பற்றுச்சீட்டுகளும் கேஸ் அடுப்பின் உத்தரவாத அட்டையும் உங்களிடம்தான் இருக்கின்றன.

சனிக்கிழமை காலை 10 மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். வரைபடங்களையும் சாவியையும் வாங்கிக்கொண்டு, அங்கேயே 165,000 ரூபாவுக்குக் காசோலை தருகிறேன். கணக்குத் தீர்ந்தது என்று இருவரும் கையொப்பமிடுவோம். உங்கள் பிளைவூட் பலகைகளும் வெட்டும் மெஷினும் முன் விறாந்தையில் கிடக்கின்றன. மழை சாரல் அடிக்கிறது. படங்குத் துணியால் மூடி வைத்திருக்கிறேன், இருந்தாலும் இந்த ஈரத்தில் பலகை ஊதிவிடும். லொறி ஒன்றோடு வந்தால் நல்லது.

இன்னொன்று. கொட்டகலையிலிருந்து வந்த இரண்டு பாஸ்மாருக்கும் சம்பளப் பாக்கி இருப்பதாகக் கேள்வி. அது உங்கள் பொறுப்பு. சனிக்கிழமைக்கு முன் தீர்த்துவிடுங்கள், பாவம், அவர்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை.

இதன் பிரதி ஒன்றை என் சட்டத்தரணியிடமும் கொடுத்திருக்கிறேன். கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்