எங்கே எழுதிய செய்தி? பயிற்சி வினா

கிளிநொச்சி மாலை வகுப்பு. கீழே உள்ள ஒவ்வொரு செய்தியும் கைபேசியிலோ இணையத்திலோ எந்தத் தளத்தில் எழுதப்பட்டது என்று ஊகித்து, செய்தியில் உள்ள சொல்லையே காட்டிக் காரணம் எழுதுங்கள்.

1. "3:40இல இரணைமடு வான்கதவு திறக்கிறது வடிவாத் தெரியுது. அடுத்தது எப்ப போடுவீங்கள் அண்ணா?"

2. "அம்மா, மாங்குளம் தாண்டிட்டன். நீல டிக் விழுந்திட்டுது, ஏன் பதில் இல்லை?"

3. "உழவு இயந்திரம் விற்பனைக்கு. விலை இன்பொக்ஸில். நண்பர்களை டேக் பண்ணுங்கோ."

4. "டேட்டா முடிஞ்சுது. பஸ் ஸ்டாண்டுக்கு வா."

முதலாவதற்கு மாதிரி விடை: யூடியூப். அங்கே பின்னூட்டத்தில் 3:40 என்று எழுதினால் அதுவே இணைப்பாகி, தொட்டதும் அந்த இடத்துக்குப் போகும். 'அடுத்தது' என்பது தொடர்ந்து பார்ப்பவரின் சொல். ஆனாலும் முகநூல் காணொளியாகவும் இருக்கலாம். நியாயம் சொன்னால் அதற்கும் புள்ளி உண்டு.

நான்காவதில் அவசரப்படாதீர்கள். டேட்டா இல்லாமல் எது போய்ச் சேரும்?