நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் 2 பெட்ரூம் வாடகை வீடு தேவை, 18,000 ரூபாய் வரை

அனைவருக்கும் வணக்கம். கிண்டி தொழிற்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு சென்னைக்கு வருகிறோம். வீட்டில் நான், கணவர், மூன்றாம் வகுப்பு போகும் மகள், மாமியார் என நான்கு பேர். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் நல்ல நெட் இணைப்பு கிடைக்கிற தெருவாக இருக்க வேண்டும்.

நங்கநல்லூர், பழவந்தாங்கல், ஆதம்பாக்கம், ஆலந்தூர் ஆகிய இடங்களில் பார்க்கிறோம். மின்சார ரயில் நிலையமோ மெட்ரோவோ நடக்கிற தூரத்தில் இருந்தால் நல்லது. மெயின்டனன்ஸ் சேர்த்து வாடகை 18,000 வரை தர முடியும். வீடு மனசுக்குப் பிடித்துவிட்டால் இன்னொரு ஆயிரம் கூட்டலாம், அதற்கு மேல் முடியாது. அட்வான்ஸ் ஒரு லட்சம் கையில் தயாராக இருக்கிறது.

மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதனால் தரைத்தளம், இல்லையென்றால் லிஃப்ட் உள்ள வீடு. வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம் வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வழியில்லை. தரைத்தளம் என்றால் 2015லும் 2023லும் மழைத் தண்ணீர் அந்தத் தெருவில் எவ்வளவு ஏறியது என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்த இடமென்றால் வாடகை குறைவாக இருந்தாலும் வேண்டாம். அவரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற எங்களால் முடியாது.

அப்புறம், நாங்கள் அசைவம் சமைப்போம். சைவக் குடும்பத்துக்கு மட்டும்தான் விடுவோம் என்கிற வீடுகள் நங்கநல்லூரில் நிறைய இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் வீணாக அலைய வேண்டாம். செல்லப் பிராணி கிடையாது. ஒரு ஸ்கூட்டர் நிறுத்த இடம் போதும். ஈபி மீட்டர் தனியாக இருக்க வேண்டும். தண்ணீர் போரா, மெட்ரோ வாட்டரா, கோடையில் லாரிக்குச் சொல்ல வேண்டிவருமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். வாடகை ஒப்பந்தம் போட்டு முறைப்படி பதிவு செய்யச் சம்மதிக்கும் வீட்டுக்காரராக இருந்தால் எங்களுக்கு நிம்மதி.

வீட்டுக்காரர்களே நேரடியாகத் தொடர்புகொண்டால் மகிழ்ச்சி. நல்ல வீடு காட்டுகிற புரோக்கர் என்றாலும் சரி, ஒரு மாத வாடகை கமிஷனாகத் தருவோம். ஆனால் வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் அனுப்ப மாட்டோம். என் தம்பி வேளச்சேரியில்தான் இருக்கிறான். நீங்கள் சொன்னால் மாலையில் வந்து பார்த்துவிடுவான். அவனுக்குச் சரியென்று பட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்களே வந்து பேசி முடிப்போம்.

உங்கள் தெருவில் டூ-லெட் போர்டு தொங்குவதைப் பார்த்தாலும் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், அதுவே பெரிய உதவி. வாடகை, மாடி, எந்தத் தெரு என்ற மூன்றையும் எழுதி இன்பாக்ஸுக்கு அனுப்பினால் அன்றைக்கே பதில் சொல்கிறேன். வீடு அமைந்ததும் இந்தப் பதிவிலேயே தெரிவித்துவிடுவேன்.