திங்கட்கிழமை காட்டின கட்டிங் வேஸ்ட் ரிப்போர்ட் பத்தி

அண்ணா, ஜி.எம். முன்னாடி ரிப்போர்ட்டைத் தெளிவா விளக்கினீங்க. ஒரு விஷயம் மனசுல இருக்கு, நேராவே கேட்டுடறேன். துணி அகலம் அளந்ததும் வேஸ்ட் எடை பதிஞ்சதும் நீங்க. 6லிருந்து 9 வரை ஸ்லைடுல வர்ற மார்க்கர் மாத்தினதும், மூணு சைஸை ஒரே மார்க்கர்ல சேர்த்த கணக்கும் நான் போட்டது. பேசும்போது அது எங்கயும் வரல. அவசரத்துல விட்டுப்போயிருக்கலாம், ஆனா எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. அப்ரைசல்ல நான் காட்டப்போறதே இந்த வேலையைத்தான்.

வெள்ளிக்கிழமை ஃபைல் பையருக்குப் போறதுக்குள்ள, முதல் ஸ்லைடுல யார் எந்தப் பகுதின்னு ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாமா? ஜி.எம்.முக்கும் நீங்களே ஒரு வரி மெயில் போட்டு என்னை சிசி-ல வச்சிடுங்க. இன்னைக்கு 4 மணிக்கு மேல கட்டிங் டேபிள் பக்கம் வரேன், பத்து நிமிஷம் பேசலாம்.