இரும்பு ஆணி துருப்பிடித்தல்: 7 நாள் சோதனை அறிக்கை

திருமங்கலம் வட்டம், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் மன்றம். ஜூலை மாதம்.

துருப்பிடிக்கத் தண்ணீர், காற்று இரண்டுமே வேண்டுமா, உப்பு சேர்ந்தால் வேகம் கூடுமா என்று பார்த்தோம்.

கடையில் 2 அங்குல ஆணி கேட்டால் முதலில் துத்தநாகம் பூசியதைத்தான் கொடுத்தார்கள். அது எளிதில் துருப்பிடிக்காது என்பதால் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூச்சில்லாத ஆணி 15 வாங்கினோம். உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்தோம். புது ஆணியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் முடிவே மாறிவிடும்.

ஒவ்வொரு நிலைக்கும் மூன்று சோதனைக் குழாய். தண்ணீர் ஊற்றியவற்றில் 12 மி.லி., ஆணி முழுக்க மூழ்கியிருந்தது. எல்லாம் ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே அலமாரி, வெயில் படாத தட்டு.

அ: தண்ணீர், திறந்த வாய்.
ஆ: கொதிக்கவைத்த தண்ணீர், மேலே தேங்காய் எண்ணெய்.
இ: தண்ணீர் இல்லை; ஈரத்தை உறிஞ்ச நீரற்ற கால்சியம் குளோரைடு, தக்கை, மெழுகு.
ஈ: 100 மி.லி.க்கு 5 கிராம் உப்பு கலந்த தண்ணீர், திறந்த வாய்.
உ: கொதிக்கவைக்காத தண்ணீர், மேலே எண்ணெய்.

'உ' பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் அ, ஆ இரண்டை மட்டும் ஒப்பிட்டால் கொதிக்கவைத்தது, எண்ணெய் ஊற்றியது என ஒரே நேரத்தில் இரண்டு மாறுகின்றன. எது காரணம் என்று சொல்ல முடியாது. அதற்காகவே இதைச் சேர்த்தோம்.

மதிப்பெண்: மாற்றமில்லை 0, அங்கங்கே புள்ளி 1, பாதிக்குக் குறைவு 2, பாதிக்கு மேல் 3, முழுதும் துரு, அடியில் செம்மண் நிறப் படிவு 4. குழாய்களில் எண் மட்டும் ஒட்டி, எண்ணெய் தெரியாதபடி மேல்பகுதியைச் செய்தித்தாளால் சுற்றினோம். வேறு வகுப்பு மாணவர்கள் இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். வேறுபட்டால் சேர்ந்து மறுபடி பார்த்தார்கள். இரண்டு முறைதான் அப்படி நேர்ந்தது. 'இ' குழாயில் தண்ணீர் இல்லாதது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதை மறைக்க வழியில்லை.

| நிலை | 3ஆம் நாள் (12க்கு) | 7ஆம் நாள் (12க்கு) |
|---|---|---|
| அ | 4 | 8 |
| ஆ | 1 | 1 |
| இ | 0 | 0 |
| ஈ | 6 | 10 |
| உ | 3 | 3 |

'உ' ஆணிகளில் தலைக்குக் கீழே மிளகளவு பழுப்புப் புள்ளி மூன்றாம் நாளே வந்து, அதோடு நின்றுவிட்டது. தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் துருவும் நின்றது என்று புரிந்துகொண்டோம். எண்ணெய் புதுக்காற்றைப் பெருமளவு தடுக்கிறது. உள்ளே ஏற்கெனவே கரைந்திருப்பதை வெளியேற்றுவது கொதிக்கவைப்பதுதான்.

'ஆ'வில் வந்த அந்த 1, மூன்றாவது குழாயுடையது. அதில் மட்டும் தண்ணீர் ஆறிப்போய் வெகுநேரம் கழித்தே எண்ணெய் ஊற்றினோம். அதற்குள் காற்று மறுபடி கரைந்திருக்கும். தவறு எங்களுடையது. மதிப்பெண்ணை அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். அந்த ஒரு குழாயை, சூடு ஆறுமுன் எண்ணெய் ஊற்றி, வரும் திங்களன்று மறுபடி வைக்கிறோம்.