இரவில் உறுமித் தீப்பொறி கக்கும் டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்யக் கோரி

கடலூர் முதுநகர்
12.8.2025

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
பிள்ளையார் கோயில் தெரு,
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகப் பிரிவு அலுவலகம்,
கடலூர் முதுநகர்.

பொருள்: எங்கள் தெரு முனையில் உள்ள 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை இரவில் நேரில் பார்த்து, முழுமையாகப் பழுது நீக்கித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவும் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையும் சேரும் முனையில், ரேஷன் கடைக்கு எதிரே இரட்டைக் கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் பற்றியது இந்தக் கடிதம். கடந்த சில வாரங்களாக இரவானால் அது உறுமுகிறது. எல்லா டிரான்ஸ்பார்மரிலும் லேசான இரைச்சல் இருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். இது அப்படி இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல், வீடுகளில் ஏ.சி. ஓட ஆரம்பித்ததும் சத்தம் ஏறிக்கொண்டே போய், எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும் அளவுக்கு வந்துவிடுகிறது. நள்ளிரவுக்கு அப்புறம், பனி இறங்கும் நேரத்தில், மேலே 11 கே.வி. ஜம்பர் வந்து சேரும் புஷிங்கில் 'சர்ர்'ரென்று நீல வெளிச்சம் ஓடிப் பொறி தெறிக்கிறது. கீழே உள்ள டீக்கடையின் தார்ப்பாயில் பொறி விழுந்து ஓட்டைகள் விழுந்திருக்கின்றன. செல்போனில் எடுத்த வீடியோ எங்களிடம் இருக்கிறது.

புகார் செய்யும்போதெல்லாம் ஊழியர்கள் வருகிறார்கள். லைன்மேன் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. கொட்டும் மழையிலும் வந்து ஏ.பி. சுவிட்சை இறக்கி, கருகிய ஃபியூஸை மாற்றிப் போட்டுவிட்டுப் போகிறவர் அவர். ஆனால் ஆய்வுக்கு வருபவர்கள் பகல் பதினொரு மணிக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் லோடும் இல்லை, ஈரமும் இல்லை; டிரான்ஸ்பார்மர் சாதுவாக இருக்கிறது. "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அன்று இரவே மறுபடியும் உறுமல்.

எங்கள் சங்கத்தில் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். கடல் பக்கத்திலேயே இருப்பதால் புஷிங்கிலும் இன்சுலேட்டரிலும் உப்புப் படிந்துவிடுகிறது, பகலில் காய்ந்து கிடக்கும் அந்தப் படிவு இரவுப் பனியில் நனைந்ததும் அதன் வழியே மின்சாரம் கசிகிறது என்பது அவர் கருத்து. தரையிலிருந்தே தெரியும் வேறு சிலவற்றையும் அவர் காட்டினார். பிரீதரில் நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் வெளிறிய இளஞ்சிவப்பாகிவிட்டது. அடிப்பக்கம் ஆயில் கசிந்து, புழுதியோடு சேர்ந்து கறுப்பாக வழிந்திருக்கிறது. எல்.டி. பக்கத்தில் ஒரு ஃபியூஸ் கட்டையில் கம்பியை இரண்டு மூன்றாக முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். இதுதான் எங்களுக்குப் பெரிய பயம். ஏதாவது நேர்ந்தால் முதலில் உருகிப் போக வேண்டிய ஃபியூஸே உருகாமல் நின்றால், அடி வாங்குவது டிரான்ஸ்பார்மரும் எங்கள் வீடுகளும்தான்.

வீட்டுக்குள்ளும் கரண்ட் சீராக இல்லை. ஒரு வீட்டில் விளக்கு மங்கும் அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் பல்ப் பளீரென்று எரிகிறது. இரண்டு வீடுகளில் ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டது. நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருந்தால் இப்படி ஆகும் என்கிறார்கள். அது முழுவதும் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட வரலாம். எனவே இதைச் சாதாரண வோல்டேஜ் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விடிவதற்கு முன்பே துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகும் பெண்கள் தலையில் அலுமினிய அன்னக்கூடையோடு இந்தக் கம்பத்தின் அடியில்தான் நடந்து போகிறார்கள். பொறி பறப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். அவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. மறுபக்கம் திறந்த சாக்கடை.

ஆகவே ஐயா, நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். தாங்களோ தங்கள் பொறியாளர் ஒருவரோ ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் வந்து, மூன்று பேஸிலும் லோடை அளந்து, அந்தச் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும். அப்புறம் ஒரு பகலில் சப்ளையை நிறுத்தி, புஷிங்குகளைக் கழுவித் துடைத்து, ஜம்பர், நியூட்ரல் இணைப்புகளை இறுக்கி, எர்த்தையும் ஆயிலையும் சோதித்து, சரியான அளவு ஃபியூஸ் போட்டுத் தர வேண்டும். லோடு தாங்கவில்லை என்று தெரிந்தால் கூடுதல் திறனுள்ள டிரான்ஸ்பார்மருக்கு எஸ்டிமேட் போட வேண்டுகிறோம். 2011 தானே புயலில் கம்பங்கள் சாய்ந்து பல நாள் இருட்டில் கிடந்த ஊர் இது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் இந்த வேலை முடிந்தாக வேண்டும்.

வேலை நாளில் காலை முதல் மாலை வரை கரண்ட் இல்லாமல் இருக்க எல்லா வீட்டாரும் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்தத் தாள் இணைப்பில் உள்ளது. தேதியை இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும். டீக்கடைப் பந்தலைப் பிரித்து, வண்டிகளை அப்புறப்படுத்தி, லாரி வந்து நிற்க இடம் செய்து தருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்

இணைப்பு: குடியிருப்போர் கையெழுத்துத் தாள், புகைப்படங்கள், வீடியோ அடங்கிய பென் டிரைவ்.

நகல்: செயற்பொறியாளர் அவர்கள், கடலூர்.