செல்ஃபியிலிருந்து ஜெர்மன் மருத்துவமனை விண்ணப்பத்துக்கு ஒரு படம்

இணைத்திருக்கும் செல்ஃபியை வைத்து, வேலை விண்ணப்பத்துக்கான தோள்வரைப் படம் ஒன்றை உருவாக்கு. எனக்கு 29 வயது, மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ். ஜெர்மனியில் உள்ள மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்கிறேன். அங்கே சுயவிவரத்தில் படம் கட்டாயமில்லை, ஆனாலும் பலர் வைக்கிறார்கள். விசாவுக்கான படத்தைத் தனியாக ஸ்டூடியோவில் எடுத்துக்கொள்வேன். இது சுயவிவரத்துக்கு மட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் முகம். வீடியோ காலில் நேர்காணல் செய்பவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும்போது, அதே ஆள் என்று உடனே தெரிய வேண்டும். அதனால் என் மாநிறத்தை ஒரு படி கூட வெளுப்பாக்காதே. தாடையை ஒல்லியாக்காதே, கண்ணைப் பெரிதாக்காதே, மூக்கைக் கூராக்காதே. கன்னத்தில் இருக்கும் பழைய பருத் தழும்பும் புருவத்தின் மேல் உள்ள மச்சமும் அப்படியே இருக்கட்டும். தோலின் இயல்பான துளைகள் தெரிய வேண்டும், மெழுகு பூசிய மாதிரி வழவழப்பு வேண்டாம். நைட் டியூட்டி முடிந்து எடுத்த படம் என்பதால் கண்ணுக்குக் கீழ் கருமை கூடுதலாக இருக்கிறது, அதை மட்டும் லேசாகக் குறைக்கலாம்.

செல்ஃபி கேமரா இடம்வலம் மாற்றிக் காட்டியிருக்கிறது. மூக்குத்தி எனக்கு வலது மூக்கில், அதாவது படத்தைப் பார்ப்பவரின் இடப்பக்கம் வர வேண்டும். படத்தைத் திருப்பிச் சரிசெய். மூக்குத்தி, சிறிய கறுப்புப் பொட்டு இரண்டையும் எடுத்துவிடாதே.

கை நீட்டி எடுத்ததால் மூக்கு பெரிதாகவும் காது பின்தள்ளியும் தெரிகிறது. இரண்டு மீட்டர் தள்ளி, கண் மட்டத்தில், 85 மி.மீ. லென்ஸில் எடுத்தது போல அந்தக் கோணத்தை மட்டும் சரிசெய். உதடு மூடிய சிரிப்பையே வைத்திரு. செல்ஃபியில் பல் தெரியவில்லை, நீயாகப் பல் வரைந்தால் அது என் சிரிப்பாக இருக்காது.

சுடிதாருக்குப் பதில் வெளிர் நிறச் சட்டை, மேலே கருநீலக் கோட். வெள்ளைக் கோட், ஸ்டெதஸ்கோப் எதுவும் வேண்டாம். பறக்கும் முடியைப் படிய வைத்தால் போதும், பின்னலை விரித்துவிடாதே.

மாடியில் காயும் துணி, தண்ணீர்த் தொட்டி, என் தோளில் இருக்கும் தோழியின் கை எல்லாம் போகட்டும். பின்னணி ஒரே சீரான வெளிர் சாம்பல். ஒளி பெரிய ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் மென்மையாக விழ வேண்டும். தெருவிளக்கின் மஞ்சள் சாயல் முகத்தில் இருக்கக் கூடாது. ஆனால் மஞ்சளை எடுக்கிற சாக்கில் தோல் நிறம் மாறிவிடக் கூடாது. கழுத்து, காது, முகம் மூன்றும் ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

நெட்டுவாக்கில், 4.5 x 6 செ.மீ., 300 டிபிஐ, அதாவது 531 x 709 பிக்சல். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடு. எழுத்து, சட்டம், வாட்டர்மார்க் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு படம் போதும்.