பானைக்குப் பெயிண்ட் அடித்தால் தண்ணீர் குளிராது

இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு, நால்வர் குழு
மாணவர் ஆய்வுக் கண்காட்சி, மதுரை

கேள்வி
கோடையில் கடைக்கு வரும் பானைகளில் பாதி இப்போது வண்ணப் பானைகள். பார்க்க அழகுதான். வெறும் மண்பானை அளவுக்குக் குளிர்விக்குமா?

செய்தது
மானாமதுரையில் ஒரே சூளையில் சுட்ட, ஒரே அளவுப் பானைகள் இரண்டு. ஒன்றின் வெளிப்புறம் முழுக்க இரண்டு பூச்சு எனாமல் பெயிண்ட். ஒப்பிட ஓர் எவர்சில்வர் குடம். மூன்றிலும் 31.0° குழாய்த் தண்ணீர் 8 லிட்டர், மேலே மூடி. பானைகளை முதல் நாளே ஊறவைத்தோம். ஏப்ரலில் நான்கு வறண்ட நாட்கள், துறை வராந்தா நிழலில், காலை 10 முதல் மாலை 4 வரை.

கண்டது (மாலை 4 மணி, நான்கு நாள் சராசரி, காற்று 36°, ஈரப்பதம் 40%)

| | தண்ணீர் வெப்பநிலை | எடை இழப்பு |
|---|---|---|
| வெறும் பானை | 28.4° | 240 கிராம் |
| பெயிண்ட் பானை | 34.1° | 15 கிராம் |
| எவர்சில்வர் | 34.6° | இல்லை |

பெயிண்ட் பானைக்கும் எவர்சில்வருக்கும் அரை டிகிரிதான் வித்தியாசம்!

ஏன்?
சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 2,430 ஜூல் வெப்பம் வேண்டும். அது பானையிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் போகிறது. பெயிண்ட் அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறது.

8 லிட்டரை 2.6° இறக்க 36 கிராம் ஆவியானாலே போதும். ஆனால் போனது 240 கிராம். மிச்சமெல்லாம் வெளிக்காற்று விடாமல் உள்ளே தள்ளும் வெப்பத்தைச் சமாளிக்கவே செலவாகிறது. பானையை வெயிலில் வைக்காதே என்று வீட்டில் சொல்வது சும்மா இல்லை.

புழுக்கமான நாளில்?
மழைக்கு மறுநாள் ஒருமுறை அளந்தோம்: காற்று 31°, ஈரப்பதம் 75%. வெறும் பானையில் 28.9°, எவர்சில்வரில் 30.4°. வறண்ட நாட்களில் 6.2° இருந்த இடைவெளி 1.5° ஆகிவிட்டது. நீர் ஆவியாவதால் மட்டும் எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர்; ஈரப்பதம் கூடினால் அது காற்றின் வெப்பநிலையை நெருங்கும். அதற்குக் கீழே எந்தப் பானையும் இறங்காது. அன்று அதுவே 27.3°.

எவ்வளவு நம்பலாம்?
பெயிண்ட் பானை ஒன்றே ஒன்று, ஒரே வகைப் பெயிண்ட். புழுக்க அளவீடு ஒரு நாள் மட்டும். 28.4, 34.1 என்ற எண்கள் வேறு ஊரில் மாறும். எது குளிரும், எது குளிராது என்பது மாறாது என்று நினைக்கிறோம்.

அடுத்து
காவி, சுண்ணாம்பு போன்ற பூச்சுகள் துளைகளை எவ்வளவு அடைக்கின்றன? கழுத்தில் மட்டும் கோலம் போட்டால்? அழகும் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்க வழி இருக்கலாம்.

தொட்டுப் பாருங்கள்
இரண்டு பானைகளும் மேசை மேல் இருக்கின்றன, காலையிலேயே நிரப்பியவை. வெளிப்புறத்தில் கை வையுங்கள். அப்புறம் கேள்வி கேளுங்கள்.